கேசவ் சிங் வழக்கு: சட்டமன்றம் ஜெயிலுக்கு அனுப்பினால் நீதிமன்றம் கேள்வி கேட்கலாமா?

1964 மார்ச்சில் உத்தரப் பிரதேச சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளையில் பதவியில் இருந்த இரண்டு நீதிபதிகளைக் கைது செய்து அவையின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பதுதான் அது. அவர்கள் செய்த குற்றம், ஒரு கைதிக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்தது. சட்டமன்ற உரிமை மீறல், அவை அவமதிப்பு என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோமே, அந்த அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு கிடையாது. அதனால் முதலில் கேசவ் சிங் கதையை முழுசாகச் சொல்கிறேன். அப்புறம் சின்னச் சின்னச் சூழ்நிலைகளைப் போட்டு, எது நிற்கும் எது நிற்காது என்று பார்ப்போம்.

கேசவ் சிங் கோரக்பூர்க்காரர், சோஷலிஸ்ட் கட்சித் தொண்டர். அந்தப் பகுதி காங்கிரஸ் எம்.எல்.ஏ. நரசிங் நாராயண் பாண்டே செய்த முறைகேடுகள் என்று சொல்லி ஒரு துண்டறிக்கை அச்சடித்து வெளியிட்டார்கள். அதில் இவரோடு வேறு சிலரும் சேர்ந்திருந்தார்கள். பாண்டே அதை அவைக்குக் கொண்டுபோனார். உரிமைக் குழு விசாரித்து உரிமை மீறல் என்று சொல்லியது, அவையும் ஏற்றுக்கொண்டு எல்லோருக்கும் கண்டனம் தெரிவிப்பது என்று முடிவு செய்தது. மற்றவர்கள் 1964 பிப்ரவரி 19 அன்று போய் அவையின் முன் நின்று கண்டனத்தை வாங்கிக்கொண்டார்கள். கேசவ் சிங் போகவில்லை. கோரக்பூரிலிருந்து லக்னோ போக ரயில் கட்டணத்துக்குக் காசு இல்லை என்று காரணம் சொன்னார்.

மார்ச் 14 அன்று அவரைப் பிடித்துக்கொண்டுவந்து அவையில் நிறுத்தினார்கள். சபாநாயகர் பெயர் கேட்டார், பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டார், அப்போதும் இல்லை. கேசவ் சிங் சபாநாயகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண்டனம் வாசிக்கப்பட்டது. அதன் பிறகு, மார்ச் 11 தேதியிட்டு அவர் எழுதியிருந்த ஒரு கடிதத்தைச் சபாநாயகர் அவையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அந்தத் துண்டறிக்கையில் இருப்பதெல்லாம் உண்மை, எனக்குக் கண்டனம் என்பது ஜனநாயகத்தின் மேல் தாக்குதல் என்கிற தொனியில் எழுதப்பட்ட கடிதம். நீ எழுதியதுதானா என்று கேட்டதற்கும் மனிதர் வாய் திறக்கவில்லை. அவை அப்போதே ஏழு நாள் சிறைத் தண்டனை விதித்தது. ஆக, தண்டனைக்குக் காரணம் துண்டறிக்கை இல்லை, கண்டனம் வாங்கும்போது அவர் நடந்துகொண்ட விதமும் அந்தக் கடிதமும்தான். பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மார்ச் 19, தண்டனை முடியும் தறுவாய். பி. சாலமன் என்ற வழக்கறிஞர் லக்னோ கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் என்.யு. பேக், ஜி.டி. சாகல். மாலை 3 மணிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த நேரத்தில் அரசுத் தரப்பில் யாரும் வரவில்லை. தலா 1,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், சொந்தப் பிணை என்ற நிபந்தனையோடு கேசவ் சிங்கை விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டார்கள். அவர் வெளியே வந்தார்.

மார்ச் 21 அன்று அவை கொதித்தது. கேசவ் சிங், சாலமன், இரண்டு நீதிபதிகள், நால்வருமே அவையை அவமதித்துவிட்டார்கள் என்று தீர்மானம் நிறைவேறியது. கேசவ் சிங்கை மீண்டும் உள்ளே தள்ளி மிச்சத் தண்டனையை அனுபவிக்கச் செய்ய வேண்டும், மற்ற மூவரையும் காவலில் அவையின் முன் கொண்டுவர வேண்டும். இரண்டு நீதிபதிகளும் தங்கள் சொந்த நீதிமன்றத்திலேயே மனு போட வேண்டிய நிலை வந்தது. மார்ச் 23 அன்று, அந்த இருவரையும் விட்டுவிட்டு, அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் மீதி 28 நீதிபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து தீர்மானத்தை நிறைவேற்றக் கூடாது என்று தடை போட்டார்கள். 28 பேர் ஒரே அமர்வில் உட்கார்ந்ததிலிருந்தே நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று புரியும். 25ஆம் தேதி அவை ஒரு படி இறங்கி, கைது வாரண்ட் வேண்டாம், நீதிபதிகள் வந்து விளக்கம் சொன்னால் போதும் என்றது. அதுவும் ஏற்கத்தக்கதாக இல்லை. மறுநாளே குடியரசுத் தலைவர், அரசமைப்புச் சட்டத்தின் 143ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டு அனுப்பினார்.

இப்போது சட்டம். 194ஆவது பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கு, 105ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு, இரண்டும் ஏறக்குறைய ஒரே வாசகம். முதல் உட்பிரிவு அவைக்குள் பேச்சுச் சுதந்திரம். இரண்டாவது, அவையில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை கிடையாது. சிக்கல் முழுவதும் மூன்றாவதில் இருக்கிறது. மற்ற சிறப்புரிமைகள் எவையென்று சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்றி வரையறுக்கலாம், அதுவரைக்கும் 1950 ஜனவரி 26 அன்று பிரிட்டனின் மக்களவைக்கு என்ன இருந்ததோ அதுவே இங்கேயும் என்று எழுதிவைத்தார்கள். 1978இல் வந்த 44ஆவது திருத்தம் பிரிட்டன் என்ற சொல்லை எடுத்துவிட்டது, ஆனால் அந்தத் திருத்தத்துக்கு முன்பு என்ன இருந்ததோ அதுவே தொடரும் என்று வைத்ததால், உள்ளடக்கம் மாறவில்லை. அப்படி முழுமையாக வரையறுக்கும் சட்டம் இன்றுவரை வரவில்லை.

பிரிட்டன் மக்களவையின் கையில் ஒரு பயங்கரமான ஆயுதம் இருந்தது, காரணம் சொல்லாத வாரண்ட். அதன் பலம் 1840இல் லண்டனில் தெரிந்தது. மக்களவையின் ஆணைப்படி ஹான்சார்ட் என்ற அச்சகத்தார் வெளியிட்ட ஒரு சிறைத்துறை அறிக்கை தன்னை அவதூறு செய்கிறது என்று ஸ்டாக்டேல் என்ற பதிப்பாளர் வழக்குப் போட்டு ஜெயித்தார். அவையின் தீர்மானம் நாட்டின் சட்டம் ஆகிவிடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நஷ்டஈட்டை வசூலிக்கப் போன மிடில்செக்ஸ் ஷெரிஃப்களை மக்களவை பிடித்து உள்ளே போட்டது. அவர்கள் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றியவர்கள், வேறொன்றும் செய்யவில்லை. ஆட்கொணர்வு மனு, ஸ்டாக்டேலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன அதே தலைமை நீதிபதி டென்மன் முன் வந்தது. அவரால் விடுவிக்க முடியவில்லை! வாரண்டில் அவையை அவமதித்ததற்காக என்று மட்டும் இருந்தது, எப்படி அவமதித்தார்கள் என்று இல்லை. காரணம் எழுதியிருந்தால் அந்தக் காரணம் சட்டப்படி சரியா என்று பார்க்கலாம், எழுதாதபோது ஒரு மேல்நிலை நீதிமன்றம் இன்னொரு மேல்நிலை நீதிமன்றத்தை மதிப்பதுபோல மதித்து விட்டுவிட வேண்டும் என்பதே அங்கே வழக்கம்.

உத்தரப் பிரதேச அவைக்காக வாதாடிய எச்.எம். சீர்வாயின் அடிப்படை வாதமும் இதுதான். பிரிட்டன் மக்களவைக்கு இருந்தது எல்லாம் எங்களுக்கும் உண்டு, அந்த வாரண்டும் உண்டு, ஆகவே எங்கள் உரிமை எது என்று முடிவு செய்யும் அதிகாரம் எங்களுக்கு மட்டும்தான். நீதிபதிகள் தரப்பில் எம்.சி. செதல்வாட். ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர், 1964 செப்டம்பர் 30 அன்று கருத்துச் சொன்னது. ஆறு பேர் ஒரு பக்கம், நீதிபதி சர்க்கார் தனியாக வேறு பக்கம்.

பெரும்பான்மை கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மக்களவைக்கு அந்த வாரண்ட் அதிகாரம் எங்கிருந்து வந்தது? சட்டம் இயற்றும் வேலையிலிருந்து வரவில்லை. அந்த நாட்டில் நாடாளுமன்றம் ஒரு காலத்தில் நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்தது, அந்த வரலாற்றின் மிச்சமாக அது வந்தது. நம் சட்டமன்றங்கள் எந்தக் காலத்திலும் நீதிமன்றங்களாக இருந்ததே இல்லை. ஆகவே தண்டிக்கும் அதிகாரம் வரலாம், ஆனால் தண்டனையை நீதிமன்றம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்கிற பகுதி வராது. ஆட்கொணர்வு போன்ற ஆணைகளைப் பிறப்பிக்க 226ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அதிகாரத்தில் சட்டமன்றத்துக்கு என்று விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை. உயிரும் சுதந்திரமும் பற்றிய 21ஆவது பிரிவு இங்கேயும் பொருந்தும். அதுமட்டுமில்லை, 211ஆவது பிரிவின்படி ஒரு நீதிபதி தன் கடமையைச் செய்யும்போது நடந்துகொண்ட விதத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் விவாதிக்கவே கூடாது. விவாதிக்கவே முடியாதவரை எப்படித் தண்டிப்பது? மனு போட்ட சாலமனும் அவமதிக்கவில்லை, விசாரித்த நீதிபதிகளும் அவமதிக்கவில்லை.

ஆனால் அந்தக் கருத்து எவ்வளவு குறுகலாக எழுதப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவையின் உறுப்பினரல்லாத ஒருவர், அவையின் நான்கு சுவர்களுக்கு வெளியே செய்ததாகச் சொல்லப்படும் அவமதிப்புக்கு மட்டும் இந்தப் பதில் என்று தெளிவாகக் கோடு போட்டார்கள். இன்னொன்று, அவைக்கு தண்டிக்கும் அதிகாரமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கேசவ் சிங்கின் மூல மனு திரும்ப அலகாபாத் போனது. 1965 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அவமதிப்புக்குத் தண்டிக்க அவைக்கு அதிகாரம் உண்டு, நடந்தது அவமதிப்பா இல்லையா என்று மறுபடி எடைபோடுவது எங்கள் வேலையில்லை என்று முடித்தார்கள். நாடே பேசிய வழக்கின் நாயகன் கடைசியில் மிச்சமிருந்த ஒரு நாளை அனுபவிக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறது என்பதற்கும் உள்ளே போனால் ஜெயிப்போம் என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று இதில் தெரியும்.

சரி, இனி சூழ்நிலைகள். இவை நானாகக் கற்பனை செய்தவை, பதில்களில் வரும் வழக்குகள் உண்மையானவை.

அதே துண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம், ஒன்றை மட்டும் மாற்றுவோம். ஒரு எம்.எல்.ஏ. தன் பங்காளிகளோடு நிலத் தகராறில் கள்ளப் பத்திரம் போட்டுவிட்டார் என்று ஒருவர் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிறார். எம்.எல்.ஏ. உரிமை மீறல் கொண்டுவருகிறார். இது நிற்கக் கூடாது. ஒரு உறுப்பினரைத் திட்டுவது தானாகவே அவை அவமதிப்பு ஆகிவிடாது. அவர் உறுப்பினர் என்ற முறையில் செய்த வேலையைப் பற்றியதாக, அந்த வேலைக்கு இடையூறாக இருக்க வேண்டும். பங்காளிச் சண்டைக்கு அவதூறு வழக்கு இருக்கிறது, சாதாரண நீதிமன்றம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டுதான் அவையில் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று நோட்டீஸில் இருந்தால் விஷயமே வேறு, அப்போது அது அவைப் பணியைத் தொட்டுவிடுகிறது. எந்தப் புகார் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: சொல்லப்பட்டது அவரைப் பற்றியா, அவருடைய அவைப் பணியைப் பற்றியா? நடைமுறையில் இந்தக் கேள்விதான் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது.

அடுத்தது. பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கோஷம் போட்டுக் காகிதங்களை வீசுகிறார். அவைக் காவலர்கள் பிடிக்கிறார்கள், அன்றைய கூட்டம் முடியும் வரை காவலில் வைக்க உடனே தீர்மானம் போடுகிறார்கள். கேசவ் சிங் கருத்தைக் காட்டி வெளியே வந்துவிடலாமா? அந்தக் கருத்து சுவருக்கு வெளியே நடந்ததற்கு மட்டும் என்று சொன்னேன் அல்லவா, இது சுவருக்கு உள்ளே, அவையின் கண் முன்னாலேயே நடந்தது. அவை தன் நடவடிக்கையைத் தடையில்லாமல் நடத்திக்கொள்ளும் அதிகாரம் இங்கே மிக வலுவாக இருக்கும். என் கருத்தில் இதுதான் அந்த அதிகாரம் இருப்பதற்கான நியாயமான இடம். வேலை நடக்கும்போது குறுக்கே விழுந்தால் அகற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நிருபரின் சூழ்நிலை கொஞ்சம் நீளம். எம்.எல்.ஏ. ஒருவர் அவையில் ஒரு தொழிலதிபரைத் திருடன் என்கிறார். சபாநாயகர் அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்கிறார். மாலையில் அதே எம்.எல்.ஏ. வாசலில் மைக் முன்னால் நின்று அதையே மறுபடி சொல்கிறார். மறுநாள் பத்திரிகையில் இரண்டும் வருகின்றன. உள்ளே பேசியதற்கு எம்.எல்.ஏ. மீது அவதூறு வழக்குப் போட முடியாது, அது 194இன் இரண்டாவது உட்பிரிவு. வாசலில் பேசியதற்குப் போடலாம், அந்தப் பாதுகாப்பு படியில் இறங்கியதும் முடிந்துவிட்டது. பத்திரிகைக்கு வருவோம். அவை நடவடிக்கையைப் பெருமளவு உண்மையாக, கெட்ட நோக்கமில்லாமல் வெளியிட்டால் வழக்கிலிருந்து பாதுகாப்பு என்று 44ஆவது திருத்தம் 361-ஏ பிரிவைக் கொண்டுவந்தது. ஆனால் நீக்கப்பட்ட பகுதியை அச்சடித்தால்? இங்கேதான் பாட்னாவின் சர்ச்லைட் பத்திரிகை மாட்டியது. பிகார் சட்டமன்றத்தில் நீக்கப்பட்ட பேச்சைப் போட்டதற்காக அதன் ஆசிரியர் எம்.எஸ்.எம். சர்மாவுக்கு உரிமைக் குழு நோட்டீஸ் அனுப்பியது. 1958 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நீக்கப்பட்டது என்றால் சட்டத்தின் பார்வையில் அது பேசப்படவே இல்லை, பேசாததைப் பேசியதாகப் போடுவது உரிமை மீறல். பேச்சுச் சுதந்திரத்துக்கான 19(1)(ஏ) பிரிவும் 194(3)உம் மோதினால், 194(3)தான் ஜெயிக்கும் என்றும் அதே தீர்ப்பு சொல்லியது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். பத்திரிகைக்காரர்களுக்கு இன்றுவரை உறுத்தும் முள் அந்த வாசகம்தான், கேசவ் சிங் அமர்வும் அதைத் தொடாமல் விட்டுவிட்டது. எம்.எல்.ஏ. வாசலில் சொன்னதைப் போட்டதற்கோ உரிமை மீறல் கிடையாது, அவதூறு வழக்கின் ஆபத்துதான்.

உறுப்பினரே அவையின் உள்ளே தப்பு செய்தால்? பட்ஜெட் நாளில் நாற்காலியை உடைத்துவிட்டு, இது அவைக்குள் நடந்த எதிர்ப்பு, எனக்குச் சிறப்புரிமை உண்டு என்கிறார் ஒருவர். கேரளத்தில் 2015 மார்ச் 13 அன்று நடந்தது கிட்டத்தட்ட இதுதான், மைக், கம்ப்யூட்டர் எல்லாம் உடைந்தன. வழக்கை வாபஸ் வாங்கவே மாநில அரசு அனுமதி கேட்டது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பொதுச்சொத்தை உடைப்பது உறுப்பினரின் பணிக்குத் தேவையானது இல்லை, எனவே பாதுகாப்பு இல்லை. இதே அளவுகோலை லஞ்சத்துக்கும் வைத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு வாக்களித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று 1998இல் நரசிம்ம ராவ் வழக்கில் சொன்னதை, 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக மாற்றினார்கள். வாக்கு அவைக்குள் போடப்பட்டாலும், லஞ்சம் வாங்க ஒப்புக்கொண்ட நொடியிலேயே குற்றம் முடிந்துவிடுகிறது.

எம்.எல்.ஏ.வைப் போலீஸ் கைது செய்தால் உரிமை மீறலா என்று அடிக்கடி சண்டை வரும். கூட்டத் தொடரின்போதும் அதற்கு 40 நாள் முன்னும் பின்னும் உள்ள பாதுகாப்பு சிவில் வழக்குகளுக்கு மட்டும். குற்ற வழக்கிலும் தடுப்புக் காவலிலும் இல்லை. திருச்சி எம்.பி. ஆனந்த நம்பியார் தடுப்புக் காவலில் இருந்துகொண்டு நாடாளுமன்றக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் உரிமையைக் கேட்டுப் போராடினார், 1965இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது.

கடைசிச் சூழ்நிலையில் எனக்குக் கோபமே வரும். ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அவை மூன்று மாதம் தண்டனை கொடுக்கிறது. இது கற்பனை இல்லை. 1987 ஏப்ரலில் சென்னையில் நடந்தது. எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் ஜேப்படிக்காரரோடும் கொள்ளைக்காரரோடும் ஒப்பிட்ட ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவலுக்கு அனுப்பியது. நாடு முழுவதும் எழுந்த கண்டனத்தில் சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். பிறகு அவர் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லியது. மேலே சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள். அந்த ஜோக் எந்த உறுப்பினரின் எந்த அவைப் பணிக்கு இடையூறு செய்தது? பெயர்கூட இல்லை. கேசவ் சிங் துண்டறிக்கையிலாவது ஒரு பெயரும் குற்றச்சாட்டும் இருந்தன. மூன்று மாதம் என்பதும் சிக்கல்தான். பிரிட்டனில் மக்களவை போட்ட சிறைத் தண்டனை, கூட்டத் தொடர் முடித்துவைக்கப்பட்டதும் தானாக முடிந்துவிடும், அதைத் தாண்டி நீளாது. அங்கே 1880க்குப் பிறகு மக்களவை யாரையும் சிறையில் அடைத்ததும் இல்லை. நம் ஊரில் இந்தக் கால அளவுக் கேள்வி வேறு வடிவத்தில் 2021இல் வந்தது. மகாராஷ்டிர சட்டமன்றம் 12 பா.ஜ.க. உறுப்பினர்களை ஒரு வருடத்துக்கு இடைநீக்கம் செய்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நடப்புக் கூட்டத் தொடரைத் தாண்டும் பகுதி செல்லாது என்று ரத்து செய்தது. அது உறுப்பினர்களின் இடைநீக்கம் பற்றியதுதான், வெளியாருக்கான சிறைத் தண்டனை பற்றி இல்லை. ஆனால் அதன் காரணத்தை, அதாவது அவையின் ஒழுங்கைக் காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதை, ஒரு வழக்கறிஞர் தாராளமாக எடுத்துவைக்கலாம்.

இதே சென்னையில் 2003 நவம்பர் 7 அன்று மறுபடி நடந்தது. ஜெயலலிதா அவையில் பேசியதைப் பற்றி ‘தி இந்து’ எழுதிய செய்திகளுக்கும் தலையங்கத்துக்கும், அந்தத் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டதற்காக ‘முரசொலி’க்கும் சேர்த்து, ஆசிரியர் என். ரவி உள்ளிட்ட ‘தி இந்து’வினருக்கும் ‘முரசொலி’ ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை. போலீஸ் பத்திரிகை அலுவலகத்துக்கே போனது. மூன்றாம் நாள், நவம்பர் 10 அன்று, உச்ச நீதிமன்றம் கைதுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. இங்கே கேசவ் சிங் கருத்தின் பலன் நேரடியாகத் தெரிகிறது. காரணம் சொல்லாத வாரண்டை நீதிமன்றம் தொடவே கூடாது என்று 1964இல் முடிவாகியிருந்தால், அந்தத் திங்கட்கிழமை டெல்லியில் கேட்க எதுவும் இருந்திருக்காது.

உரிமைக் குழுவிடமிருந்து நோட்டீஸ் வந்தவர் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகாமல் இருப்பது, கேசவ் சிங் மாதிரி முதுகைக் காட்டுவது, இரண்டும் புதிதாக ஒரு அவமதிப்பைத் தயாரித்துக் கொடுக்கும். எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். என் வாசகம் எது, அது எந்த உறுப்பினரின் எந்த அவைப் பணியைத் தடுத்தது என்று குழுவே குறிப்பிடட்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். நேரில் விளக்க வாய்ப்பும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அனுமதியும் எழுத்திலேயே கேட்க வேண்டும், மறுத்தால் அந்த மறுப்புதான் பின்னால் 226இல் கைகொடுக்கும். நோட்டீஸ் நிலையிலேயே நீதிமன்றம் தலையிடுவது அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. 2017இல் குட்கா பாக்கெட்டுகளை அவைக்குள் காட்டியதற்காக மு.க. ஸ்டாலின் உள்ளிட்ட தி.மு.க. உறுப்பினர்களுக்கு அனுப்பிய முதல் நோட்டீஸை, அதன் அடித்தளத்திலேயே பிழை இருக்கிறது என்று 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, ஆனால் புதிதாக நோட்டீஸ் அனுப்புவதைத் தடுக்கவில்லை. குழு அதைத்தான் செய்தது.

2003 வழக்கில் எழுந்த பெரிய கேள்வி, பத்திரிகையின் பேச்சுச் சுதந்திரம் 194(3)க்குக் கீழேதானா என்பது. சர்ச்லைட் தீர்ப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்று அது கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2023இல்கூட அது உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் அமர்வுக்காகக் காத்திருந்த வழக்குகளின் பட்டியலில்தான் இருந்தது. சட்டமன்றங்கள் தாங்களே ஒரு சட்டம் போட்டு எது அவமதிப்பு, அதிகபட்சம் எத்தனை நாள், யார் விசாரிப்பது என்று எழுதினால் அந்தச் சட்டத்தை அடிப்படை உரிமைகளோடு ஒப்பிட்டு நீதிமன்றம் சோதிக்கலாம் என்று சர்ச்லைட் தீர்ப்பிலேயே வழி இருக்கிறது. எழுதாமல் இருப்பதற்குப் பெரிய காரணமும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.